நூறு டன் தண்ணீர்

கம்பி ஒன்றுகூட அறுந்திருக்கவில்லை. உருவிக்கொண்டு போயிருந்தது.

அதை முதலில் பார்த்தவன் கம்பி மேஸ்திரி. மேல்நிலைத் தொட்டி நின்ற இடத்தில் இப்போது காங்கிரீட் குப்பைதான் மலையாகக் கிடந்தது. நான்கு தூண்களில் மூன்று அடியோடு மடிந்து நொறுங்கியிருந்தன. பம்பு கொட்டகைப் பக்கத்துத் தூண் மட்டும் வேறு மாதிரி. அஸ்திவாரத்திலிருந்து எட்டுக் கம்பிகள் ஒன்றரை அடி உயரத்துக்கு நேராக, மொட்டையாக நின்றன. அவற்றின் மேல் நின்றிருக்க வேண்டிய தூண் அவற்றை விட்டுவிட்டு எதிர்ப்பக்கம் போய் விழுந்திருந்தது.

மேஸ்திரி குத்தவைத்து உட்கார்ந்து ஒரு கம்பியைக் கட்டைவிரலால் தேய்த்தான். முறுக்குப் பள்ளங்களில் சிமெண்டுத் தூள் அரைத்த மாவுபோல் அடைந்திருந்தது. அந்தக் கம்பிகளைக் கட்டியவன் அவன்தான். அப்போது அவனுக்கு மீசைகூடச் சரியாக முளைத்திருக்கவில்லை.

"இது யார் கட்டினது?" என்றார் கணக்கு மேடம். ஊரில் எல்லோரும் அவரை அப்படித்தான் சொன்னார்கள். கட்டடங்களின் பாரக் கணக்குப் போடுகிறவர். தொட்டி ஏன் விழுந்தது என்று பார்த்துச் சொல்ல வெளியிலிருந்து வரவழைத்திருந்தார்கள். தலையில் ஹெல்மெட், காலில் சேறு படிந்த ரப்பர் ஷூ, கையில் டேப்.

"நான்தாங்க."

"எல்லாக் கம்பியையும் ஒரே மட்டத்துல சேத்திருக்கீங்களே?"

"படத்துல அப்படித்தாங்க இருந்துச்சு. ஒன்றரை அடி லேப்பு. அளந்துதான் கட்டினேன், ஒரு விரல்கூடக் குறைக்கல."

"குறைச்சீங்கன்னு நான் சொல்லலையே," என்றார் அவர். கீழ்க்கம்பியும் மேல்கம்பியும் ஒன்றையொன்று ஒட்டி நிற்க விட்டிருந்த அந்த நீளத்தை டேப்பை இழுத்துப் பிடித்து அளந்தார். ஒன்றரை அடிதான்.

சற்றுத் தள்ளி வால்வுக்காரர் நின்றுகொண்டிருந்தார். அந்தத் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றுவதும் இறக்குவதும் அவர் வேலை. மோட்டார் போடுவார், வால்வைத் திருப்புவார், தெருத்தெருவாகத் தண்ணீர் விடுவார். தொட்டி விழுந்தது அவருடைய குவார்ட்டர்ஸ் மேல். உள்ளே அவர் மனைவி இருந்தாள். மேஸ்திரிக்குக் கூடப்பிறந்த அக்கா.

மேடம் அவர் பக்கம் திரும்பினார். "ஐயா, உங்ககிட்ட ஒண்ணுதான் கேக்கணும். காத்து அடிச்சப்ப டேங்க்ல தண்ணி எவ்வளவு இருந்துச்சு?"

வால்வுக்காரர் வாயைத் திறந்தார்.

"ஃபுல்லா இருந்துச்சுங்க," என்றான் மேஸ்திரி, உட்கார்ந்த இடத்திலிருந்தே. "வழிஞ்சுது. நானே பாத்தேன்."

அவன் அன்றைக்கு அந்தப் பக்கமே வரவில்லை. வால்வுக்காரர் அவனைப் பார்த்தார். அவன் கம்பியையே பார்த்துக்கொண்டிருந்தான். மேடம் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு டேப்பைச் சுருட்டினார்.

தண்ணீர் இருக்கவில்லை. அதை வால்வுக்காரர்தான் இறக்கினார்.

அன்று மத்தியானமே புயல் காற்று ஆரம்பித்துவிட்டது. பள்ளிக்கூடத்துக்குப் போய்விடச் சொல்லி ஒலிபெருக்கியில் சொல்லிக்கொண்டு போனார்கள். வால்வுக்காரர் தொட்டியை அண்ணாந்து பார்த்தார். அதில் ஒரு லட்சம் லிட்டர். நூறு டன். அத்தனை பாரத்தைத் தலையில் வைத்துக்கொண்டு நாலு ஒல்லிக் கால்கள் இந்தக் காற்றில் நிற்க வேண்டும். மூட்டை சுமந்த காலத்தில் அவருக்குத் தெரிந்தது ஒன்றுதான்: கால் தள்ளாடினால் முதலில் மூட்டையைக் கீழே போடு. ஆபீசுக்குப் போன் போட்டார், லைன் கிடைக்கவில்லை. யாரையும் கேட்காமல், அடியில் இருந்த வாஷவுட் வால்வின் சக்கரத்தை இரண்டு கையாலும் பிடித்துத் திருகி முழுசாகத் திறந்துவிட்டார். தொட்டியைக் கழுவும்போது மட்டும் திறக்கிற வால்வு அது. தண்ணீர் கால்வாயில் பாய்ந்தோடியது. சாயங்காலத்துக்குள் தொட்டி வெறும் கூடாகிவிட்டது.

வீட்டுக்குள் வந்தபோது மனைவி பையில் துணி அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"எங்க கிளம்பிட்ட?"

"எல்லாரும் போற எடத்துக்கு. உங்க மூத்தாள் காத்துல ஆடுறா, பாக்கலையா?"

தொட்டியை அவள் மூத்தாள் என்றுதான் சொல்வாள். பாதிச் சாப்பாட்டில் தண்ணீர் வழிகிற சத்தம் கேட்டு அவர் எழுந்து ஓடும்போதெல்லாம், "போங்க போங்க, மூத்தாள் அழுவுறா. எனக்கென்ன, நான் ரெண்டாந்தாரம்" என்பாள்.

"தண்ணிய இறக்கிட்டேன்டி. இப்ப அதுல ஒண்ணும் இல்ல. பாரம் போச்சு, பயம் போச்சு. ஸ்கூல் ஈரத் தரையில கெடந்து உனக்கு மறுபடி நெஞ்சுச்சளி கட்டணுமா? பேசாம இரு."

"நிஜமா ஒண்ணும் ஆகாதுல்ல?"

"ஆகாது. நான் சொல்றேன்ல."

அவள் பையைக் கீழே வைத்தாள். அவர் மெயின் சுவிட்சை அணைக்கப் பம்பு கொட்டகைக்குப் போனார். காற்று கொட்டகைக்குப் பின்னாலிருந்து தொட்டியைப் பார்த்து வந்துகொண்டிருந்தது. கை சுவிட்சில் இருக்கும்போது பட்டென்று ஒரு சத்தம் கேட்டது. ஆலமரம் முறிகிற மாதிரி என்றெல்லாம் பிறகு ஊரில் சொன்னார்கள். அப்படி இல்லை. சுவரிலிருந்து ஆணியைப் பிடுங்குகிற சத்தம்தான், மிகப் பெரிதாக.

*

"ஏன்டா பொய் சொன்ன?" என்றார் வால்வுக்காரர்.

மேஸ்திரி வீட்டு வாசலில், அடுக்கி வைத்த ஜன்னல் கம்பிகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள். தொட்டி விழுந்த நாளிலிருந்து அவருக்கு இங்கேதான் படுக்கை.

"மச்சான், உங்க ஆபீஸ் பெரிய இன்ஜினியர் டீக்கடையில நின்னு என்ன பேசுனாருன்னு உங்களுக்குத் தெரியாது. ஆபரேட்டர் தன்னிச்சையா வால்வத் தொறந்துட்டான், அதனால டேங்க் அதிர்ந்து விழுந்துடுச்சுன்னு எழுதப் பாக்குறாங்க. தூக்கி உங்க தலையில போட்டுட்டு கை கழுவப் போறாங்க."

"தொறந்தது நான்தானே."

"தொறந்தீங்க. பாரத்தக் கொறைச்சீங்க. நல்லதுக்குத்தானே பண்ணீங்க? அதுல என்ன தப்பு? ஆனா அவனுங்களுக்கு ஒரு ஆள் வேணும். ஃபுல்லா இருந்துச்சுன்னா யாரைப் பிடிப்பாங்க? கம்பியத்தான் பிடிப்பாங்க. என்னைக் கூப்புடுவாங்க. நான் படத்தக் காட்டுவேன். படம் போட்டவர் போய்ச் சேந்து எத்தனையோ வருஷம் ஆச்சு. யாரு போய் அவரை எழுப்புறது?"

"கம்பி உருவிடுச்சே மாப்ள. அது எப்படி?"

மேஸ்திரி காதில் செருகியிருந்த சாக்பீஸை எடுத்தான், திரும்பச் செருகினான்.

"அதான் எனக்கும் புரியல. தூண்ல இருக்கிற கம்பி அமுங்கத்தானே செய்யும்? மேல இருந்து பாரம், கீழ அஸ்திவாரம், நடுவுல அது. எத்தனை தூண் கட்டியிருக்கேன். அதைப் புடிச்சு இழுக்க யாரு வருவா? அதை யாரோ மேல தூக்கின மாதிரி இருக்கு மச்சான்." குரல் தாழ்ந்தது. "நான் இன்னும் அரையடி விட்டிருந்தா அக்கா இருந்திருக்குமோ என்னவோ. ராத்திரியெல்லாம் அந்த அரையடிதான் கண்ணுல நிக்குது."

வால்வுக்காரர் அவன் முதுகில் கை வைத்தார். அவருக்கும் தூக்கத்தில் ஒன்று நின்றது. ஆனால் அது கம்பி இல்லை, சக்கரம். இரண்டு கையாலும் பிடித்துத் திருகிய இரும்புச் சக்கரம். ஊரே சொன்னது, நீங்க பண்ணது சரிதான் என்று. சாவுக்கு வந்த ஒவ்வொருவரும் சொன்னார்கள். நல்லவேளை இறக்கினீங்க, இல்லாட்டி இன்னும் நாலு வீடு போயிருக்கும். மகளும் சொன்னாள். "நீங்க செய்ய முடிஞ்சதைச் செஞ்சீங்கப்பா. அதுக்கு மேல யாரால ஆகும்?" எல்லோரும் சொன்னதாலேயே அவருக்கு அது சரியா என்று தெரிந்தாக வேண்டும்போல் இருந்தது. தெரிந்தவர் ஒருவர்தான், கணக்கு மேடம். அவர் மட்டும்தான் ஒன்றும் சொல்லவில்லை.

மறுநாள் காலையில் வானொலியில் அடுத்த காற்றைப் பற்றிச் சொன்னார்கள்.

*

கணக்கு மேடத்துக்கு ஆபீசில் கொடுத்திருந்த அறை முன்பு பழைய தண்ணீர் மீட்டர்கள் போட்டு வைக்கிற அறை. பாதி இடத்தில் இன்னும் மீட்டர்கள்தான் கிடந்தன. மேசையில் தொட்டியின் பழைய வரைபடம் விரிந்திருந்தது. மூலைகளில் பறக்காமல் இருக்க நான்கு மீட்டர்கள்.

உள்ளே பெரிய இன்ஜினியர் குரல் கேட்டதால் வால்வுக்காரர் வெளியே பெஞ்சில் உட்கார்ந்தார். கதவு திறந்துதான் இருந்தது.

"மேடம், இதே படத்துல கட்டுன டேங்க் ஊர்ல இன்னும் மூணு நிக்குது. கீழ குடியிருக்கிறவங்க நேத்து வந்து என்னை முற்றுகை போட்டுட்டாங்க. நாளான்னிக்குக் காத்துன்றாங்க. நான் மூணையும் காலி பண்ணச் சொல்லப்போறேன். வேற வழி இல்ல."

"ஒரு நாள் பொறுங்க."

"எதுக்குப் பொறுக்கணும்? பழைய கணக்கை நானும் பாத்தேன். டேங்க் நிறைஞ்சிருக்கு, காத்தும் அடிக்குது, அதுக்குத்தான் படம் போட்டவர் கணக்குப் போட்டிருக்காரு. அதுக்கு மேல மோசமான நிலைமை எது? பாரத்தை இறக்கிட்டா எல்லாமே கொறஞ்சிடுதே."

"அமுக்கத்துக்கு அதுதான் மோசம் சார். இழுப்புக்கு அது இல்ல. காலி டேங்குக்குக் காத்து போட்டுப் பாக்கவே இல்ல அவரு. ரெண்டையும் போடணும்."

"இந்த டேங்க் காலியா விழல மேடம். ஃபுல்லா இருந்துச்சுன்னு அந்தக் கம்பி ஆளே சொல்லிட்டானாமே? நானும் இப்ப அப்படித்தான் எழுதலாம்னு இருக்கேன். பாரம் தாங்காம விழுந்துச்சு. முடிஞ்சுது." நாற்காலி நகர்ந்தது. "மனுஷன் பொண்டாட்டிய பறிகொடுத்துட்டு நிக்கிறான். அவன் மேல கேஸ் எழுத எனக்கு மட்டும் ஆசையா என்ன?"

அவர் வெளியே வந்து வால்வுக்காரரைப் பார்த்ததும் ஒரு நொடி நின்றார். தோளில் தட்டிவிட்டுப் போனார்.

வால்வுக்காரர் உள்ளே போய் நின்றார்.

"உக்காருங்க ஐயா."

"இருக்கட்டும்மா. எனக்கு ஒண்ணு தெரியணும். தண்ணி இருந்தா என்ன, இல்லாட்டி என்ன, அந்த வித்தியாசம் புரியல. எனக்குப் புரியற மாதிரி சொல்லுவீங்களா?"

மேடம் அவரை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு வரைபடத்தின் ஓரத்தில் பென்சிலால் நான்கு புள்ளி வைத்து, சுற்றி ஒரு வட்டம் போட்டார்.

"இதுதான் உங்க டேங்க், மேல இருந்து பாத்தா. வட்டமா இருக்கிறதால காத்து கொஞ்சம் வழுக்கிட்டுப் போகும். ஆனாலும் தள்ளும். உயரத்துல தள்ளுறதால டேங்கைக் கவுக்கப் பாக்கும். பானையோட நிக்கிற முக்காலிய மேல கை வெச்சுத் தள்ளுனா என்ன ஆகும்? தள்ளுற பக்கத்துக் கால் மேல எழும்பும், எதிர்ப்பக்கத்துக் கால் அழுந்தும். அதேதான். அன்னிக்குக் காத்து கொட்டகை மூலையில இருந்து நேரா இந்தக் கால் மேல வந்திருக்கு. குறுக்க வந்திருந்தா ரெண்டு கால் பங்கு போட்டிருக்கும். மூலையில வந்ததால தூக்குறது முழுக்க இந்த ஒரு காலுக்கு."

"எவ்வளவு தூக்கும்?"

"முப்பத்தஞ்சு டன் வரைக்கும்."

"யம்மாடி."

"காலி டேங்கோட எடை, தூணோட எடை எல்லாம் சேத்து ஒரு காலுக்கு இருபத்துநாலு டன்தான் கீழ அமுக்குது. தண்ணி நூறு டன். அதுல கால் பங்கு, இருபத்தஞ்சு, ஒவ்வொரு காலுக்கும் வரும்." எழுதவில்லை, பென்சிலால் புள்ளியைத் தொட்டுத் தொட்டுச் சொன்னார். "தண்ணி இருந்தா நாப்பத்தொம்போது கீழ அமுக்குது, முப்பத்தஞ்சு மேல தூக்குது. கால் எழும்பாது. தண்ணி இல்லாட்டி இருபத்துநாலுதான் அமுக்குது, முப்பத்தஞ்சு தூக்குது."

வால்வுக்காரர் புள்ளியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பதினொரு டன் மிச்சம்," என்றார்.

"ஆமா. அதை அந்த எட்டுக் கம்பிதான் இழுத்துப் பிடிக்கணும். காத்து தூணை வளைக்கவும் செய்யுது. அதையும் சேத்தா ஓரத்துக் கம்பிக்கு வர்ற இழுப்பை அந்த ஒன்றரை அடி லேப்பு தாங்காது. அது அமுங்குற கம்பிக்குப் போட்ட அளவு. இழுபடுற கம்பிக்குக் கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு விட்டிருக்கணும். ஒரே மட்டத்துலயும் சேத்திருக்கக் கூடாது." பென்சிலைக் கீழே வைத்தார். "ஆனா டேங்க் ஃபுல்லா இருந்துச்சுன்னு சொல்றாங்க. ஃபுல்லா இருந்தா அந்த லேப்பு, கஷ்டப்பட்டாவது, தாங்கியிருக்கணும். தாங்கலேன்னா என் கணக்குல இல்லாத எதுவோ தப்பு. காங்கிரீட்டா, மண்ணா, எனக்குத் தெரியல. அப்படின்னா மத்த மூணு டேங்குக்கு நான் என்ன சொல்றது? காத்து வந்தா நிரப்பி வைன்னா? காலி பண்ணுன்னா? தப்பாச் சொன்னா இன்னொண்ணு விழும். அதுல ஒண்ணு நெருக்கமான குடியிருப்புக்கு நடுவுல நிக்குது."

"தெரியும். அங்கதான் என் பொண்ணு இருக்கா."

வெளியே யாரோ தண்ணீர் வரவில்லை என்று குமாஸ்தாவிடம் சத்தம் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

வால்வுக்காரர் இப்போது உட்கார்ந்தார்.

"டேங்க் காலிம்மா. நான்தான் தொறந்துவிட்டேன். சொட்டு இல்லாம வடிஞ்சப்புறம்தான் காத்து பெருசாச்சு. என் மச்சினன் என்னைக் காப்பாத்தப் பொய் சொன்னான்."

மேடம் தலையைக் குனிந்துகொண்டார். அவர் முகத்தில் ஆச்சரியம் இல்லை.

"அப்ப, நான் தொறக்காம இருந்திருந்தா?"

"ஐயா..."

"சுத்தி வளைக்காதீங்கம்மா. சாவுக்கு வந்தவங்க சொன்னதையெல்லாம் கேட்டாச்சு."

"நின்னிருக்கும்," என்றார் மேடம்.

அவர் தலையாட்டினார். ஏதோ விலை கேட்டுக்கொண்டவரைப் போல ஆட்டினார். மறுபடி ஆட்டினார்.

"இன்னொண்ணும் கேட்டுக்குங்க," என்றார் மேடம். "எந்த டேங்கும் ஒரு நாள் காலியாத்தான் நிக்கும். கட்டி முடிச்ச அன்னிக்குக் காலி. கழுவுற அன்னிக்குக் காலி. காலியா இருக்கும்போது காத்துல நிக்காத டேங்கைக் கட்டிக் குடுத்தவங்க தப்பு அது. உங்க தப்பு இல்ல. அதை நான் எழுதுவேன். ஆனா நீங்க தொறந்ததையும் எழுதித்தான் ஆகணும். எழுதாட்டி மத்த மூணையும் நிரப்பி வைங்கன்னு என்னால சொல்ல முடியாது. எழுதுனா இவங்க உங்களைத்தான் மொதல்ல பிடிப்பாங்க. நான் எழுதுற மிச்சத்தை எவனும் படிக்க மாட்டான்."

"எழுதுங்க. இன்னிக்கே எழுதுங்க. நாளான்னிக்குக் காத்துன்றாங்க." எழுந்தார். வாசலில் திரும்பினார். "மேஸ்திரி அரையடி அரையடின்னு புலம்பிட்டு இருக்கான். நீங்க ஒரு வார்த்த அவன்கிட்ட சொல்லுங்க. படத்துல இருந்ததைத்தான் அவன் கட்டினான்."

"அரையடி விட்டிருந்தாலும் பத்தியிருக்காதுன்னு சொல்லட்டுமா?"

"பத்தியிருக்காதா?"

"தெரியாது. சொல்றேன்."

*

மூன்று தொட்டிகளையும் விளிம்பு வரை நிரப்பி வைக்கச் சொல்லி அன்று சாயங்காலமே உத்தரவு போனது. வால்வுக்காரரை வேலையிலிருந்து நிறுத்தி வைக்கிற உத்தரவும் கூடவே வந்தது. பெரிய இன்ஜினியர் அதை அவர் கையில் கொடுக்கும்போது முகத்தைப் பார்க்கவில்லை. "தற்காலிகம்தான்" என்றார். எவ்வளவு தற்காலிகம் என்று அவரும் சொல்லவில்லை, இவரும் கேட்கவில்லை.

மேஸ்திரி விஷயம் கேட்டுக் கம்பி வெட்டுகிற மெஷினை எட்டி உதைத்தான். "உங்களை யாரு மச்சான் உண்மை விளம்பச் சொன்னது? பெரிய உத்தமபுத்திரன்!" என்று கத்தினான். பிறகு உள்ளே போய்ச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான். வெளியே கேட்காமல் அழுதான். இரண்டு பேரும் ஒரே ஆளுக்காகத்தான் அழுதார்கள். ஆனால் சேர்ந்து அழ முடியவில்லை.

காற்று வரும் நாளில் மகள் போன் செய்தாள். பின்னால் ஒரே கூச்சல்.

"அப்பா, இங்க டேங்கைக் காலி பண்ண மாட்டேன்றாங்களாம்! ரொப்பி வெச்சிருக்காங்க, வழியுது! தெருவே கூடி நிக்குது, வால்வைத் தாங்களே தொறக்கப் போறாங்களாம். நீங்க ஆபீஸ்ல ஒரு வார்த்த சொல்லுங்கப்பா. அம்மாவுக்கு ஆனது போதாதா?"

"தொறக்கக் கூடாது. தொறக்க விடாதே. நான் வர்றேன்."

அவர் போய்ச் சேரும்போது தொட்டியடியில் பத்துப் பதினைந்து பேர் நின்றார்கள். ஒருவன் கையில் பைப் ரெஞ்ச். வால்வு அறைக்குக் காவலாக ஆபீஸ் பையன் ஒருவன் நடுங்கிக்கொண்டிருந்தான்.

"இதோ வந்துட்டாரு பாருங்க, விவரம் தெரிஞ்சவரு!" என்றான் ரெஞ்சு வைத்திருந்தவன். "நீங்களே சொல்லுங்க பெரியவரே. அன்னிக்கு நீங்க இறக்கித்தானே விட்டீங்க? அப்படியும் விழுந்துச்சு. இத்தனை டன்னோட விழுந்தா எங்க கதி என்ன?"

கூட்டத்தின் ஓரத்தில் மகள் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றாள். கைக்குழந்தை, இன்னும் பல் முளைக்கவில்லை. அவள் தகப்பனையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் தன் பக்கம் பேசுவார் என்று நிச்சயமாக நம்பிய பார்வை.

வால்வுக்காரர் அவளிடம் தனியாகச் சொல்லியிருக்க வேண்டும். வழியெல்லாம் அதைத்தான் நினைத்துக்கொண்டு வந்தார். ஆனால் ரெஞ்சு வால்வு அறைக் கதவில் இருந்தது.

"நான் இறக்கினதாலதான் விழுந்துச்சு," என்றார்.

"என்னாது?"

"தண்ணி பாரம்தான் அதைப் புடிச்சு நிறுத்தியிருந்துச்சு. காத்து காலைத் தூக்குது. தண்ணி இருந்தா தூக்க முடியாது. எனக்கு அது தெரியல. தெரியாம இறக்கிட்டேன். இறக்காம இருந்திருந்தா நின்னிருக்கும், கணக்குப் போட்டவங்க சொல்லிட்டாங்க. இதைத் தொறந்தீங்கன்னா இதுவும் அப்படித்தான் போகும். தொறக்காதீங்க. தொறக்காம, வீட்டைப் பூட்டிட்டு எல்லாரும் ஸ்கூலுக்குப் போங்க. நிக்கும்னு நம்பி யாரும் கீழ உக்காந்திருக்கவும் வேணாம்."

அவன் ரெஞ்சைக் கீழே இறக்கினான். கூட்டத்தில் யாரோ, "அடப்பாவி மனுஷா" என்றார்கள். திட்டா இரக்கமா என்று தெரியாத குரல். கொஞ்சம் கொஞ்சமாகக் கலைந்தார்கள். மேலே வழிந்த தண்ணீரைக் காற்று அடித்து எல்லோர் மேலும் தெளித்தது.

மகள் வீட்டுக்குள் போனாள். அவரும் பின்னால் போனார். அவள் ஒரு கையால் பையில் துணியைத் திணித்துக்கொண்டிருந்தாள்.

"எப்ப தெரிஞ்சுது?"

"முந்தாநாள்."

"ம்." துணியைத் திணித்தாள். "அம்மா அன்னிக்கு மத்தியானம் என்கிட்ட போன்ல பேசுனாங்க. பை அடுக்கறேன், ஸ்கூலுக்குப் போறேன்னாங்க. அப்புறம் ஏன் போகல?"

இதை அவளுக்கு யாரும் சொல்லவில்லை. அவருக்கு மட்டும்தான் தெரியும். காற்றில் ஜன்னல் கதவு அடித்துக்கொண்டது. அவர் போய்க் கொக்கியை மாட்டிவிட்டு அங்கேயே நின்றார்.

"நான்தான் இருக்கச் சொன்னேன். பாரம் போயிடுச்சு, ஒண்ணும் ஆகாதுன்னேன்."

அவள் கை நின்றது. பிறகு பையின் வாயை இழுத்துக் கட்டினாள். அடுப்பை ஒருமுறை பார்த்தாள். விளக்கை அணைத்தாள். வெளியே வந்து கதவைப் பூட்டினாள். பூட்டை இழுத்துப் பார்த்தாள், மறுபடி இழுத்துப் பார்த்தாள். மழை பலமாக ஆரம்பித்திருந்தது. தெருவில் எல்லோரும் பள்ளிக்கூடத்தைப் பார்த்து ஓடிக்கொண்டிருந்தார்கள். குழந்தை சிணுங்கியது.

"குழந்தையைக் குடும்மா. நான் தூக்கிக்கறேன்," என்று அவர் கையை நீட்டினார்.

அவள் அந்தக் கைகளைப் பார்த்தாள். குழந்தையைத் தோளோடு இறுக்கிக்கொண்டாள். பையை அவரிடம் கொடுத்துவிட்டு முன்னால் நடந்தாள்.